வெளுத்துப் போகாத திரை: மாடி அறையை ஹோம் தியேட்டராக மாற்றும் வழி

புதிதாக புரொஜெக்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “கடையில பாத்தப்ப ராத்திரி சீன் எல்லாம் கருகருன்னு இருந்துச்சுங்க. நம்ம வீட்ல சாம்பல் கலர்ல தெரியுதுங்களே, பெட்டியில ஏதாச்சும் கோளாறுங்களா?” என்பார்கள். பெட்டியில் கோளாறு இருப்பது அபூர்வம். வெள்ளைச் சுவர், வெள்ளைச் சீலிங், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ் தரை என்று இருக்கும் அறைதான் காரணம். நம் பக்கத்து வீடுகளில் மாடி அறை என்றால் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

புரொஜெக்டரால் கருப்பு நிறத்தைக் காட்டவே முடியாது. திரையில் கருப்பாகத் தெரிய வேண்டிய இடத்துக்கு அது வெளிச்சத்தை அனுப்பாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் இருப்பது வெறும் வெள்ளைத் திரை. அது கருப்பாகத் தெரிய வேண்டுமானால் வேறு எங்கிருந்தும் அதன் மேல் வெளிச்சம் விழக் கூடாது. ஆனால் காட்சியில் ஒரு மூலையில் வானமோ விளக்கோ இருந்தால் அந்த வெளிச்சம் திரையில் பட்டு அறைக்குள் சிதறும். பக்கச் சுவரிலும் சீலிங்கிலும் தரையிலும் மோதித் திரும்பித் திரைக்கே வந்து, கருப்பாக இருக்க வேண்டிய பகுதியை வெளுக்க வைக்கும். நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பி விடுகிறது. மேட் பினிஷில் அடித்த கரும்சாம்பல் சுவர் திருப்புவது பத்துப் பங்குக்கும் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காட்சியில் பாதி வெள்ளை, பாதி கருப்பு. வெள்ளைப் பகுதியின் பிரகாசத்தில் நூற்றில் ஐந்து பங்கு அறையைச் சுற்றிக் கருப்புப் பகுதியில் விழுகிறது என்று வையுங்கள். அப்போது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் 20 மடங்கைத் தாண்டாது. அட்டைப் பெட்டியில் எத்தனை ஆயிரம் மடங்கு என்று அச்சிட்டிருந்தாலும் அந்தக் காட்சியில் உங்களுக்குக் கிடைப்பது 20தான். விலை கூடின புரொஜெக்டர் வாங்குவதற்கு முன் சுவருக்குச் செலவு செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெருந்துறைப் பக்கம் என் மச்சான் வீட்டு மாடியில் இருக்கும் அறையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். நீளம் 18 அடி, அகலம் 12 அடி, உயரம் 10 அடி. மேற்கே ஒரு ஜன்னல், அதற்கு மேல் பழைய வழக்கப்படி ஒரு வெண்டிலேட்டர். உங்கள் அறை கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் இதே வழியில் கணக்குப் போடலாம்.

முதலில் திரையும் உட்காரும் இடமும்

பெயின்ட் டப்பாவைத் தொடுவதற்கு முன் திரை எங்கே, தலை எங்கே என்று முடிவாக வேண்டும். பேனலும் பல்பும் அதை வைத்துத்தான் இடம் பிடிக்கும்.

12 அடிச் சுவரில் 110 இஞ்ச் திரை வைத்தோம். அதன் அகலம் 8 அடி, உயரம் நாலரை அடி. இரண்டு பக்கமும் 2 அடி மிச்சம் இருப்பதால் ஸ்பீக்கர் நிற்க இடம் கிடைத்தது. முன் வரிசை சோபாவில் உட்காருபவரின் கண் திரையில் இருந்து 11 அடியில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 8 அடித் திரை பார்வையில் ஏறத்தாழ 40 டிகிரி அகலத்துக்கு விரியும், படம் நம்மைச் சூழ்ந்த மாதிரி இருக்கும். பின் வரிசையை 15 அடியில் வைத்தால் அது 30 டிகிரியாகக் குறையும். செய்தியோ கிரிக்கெட்டோ பார்ப்பவர்களுக்கு அதுவே சுகம். திரையின் கீழ் விளிம்பு தரையில் இருந்து 2 அடி உயரத்தில் இருக்கட்டும். சோபாவில் உட்கார்ந்தால் கண் மூன்றரை அடி உயரத்தில் இருக்கும், அது திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வந்து நிற்கும். சுவர் இருக்கிறதே என்று திரையை உயரத் தூக்கினால் இடைவேளைக்குள் கழுத்து வலிக்கும்.

புரொஜெக்டர் எங்கே தொங்க வேண்டும் என்பதற்கு அதன் த்ரோ ரேஷியோவை, அதாவது படத்தின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்ற எண்ணை, திரையின் அகலத்தால் பெருக்குங்கள். 1.5 என்றால் 8 × 1.5 = 12 அடி. வழியில் சீலிங் ஃபேன் இருந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். வெளிச்சம் போகும் பாதைக்குள் றெக்கை வராவிட்டாலும், திரை வெளிச்சம் பட்டு வெள்ளை றெக்கை மின்னுவது ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஜன்னலும் கதவும்

மேற்கு ஜன்னலுக்குக் கரூர் கர்ட்டன் எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் பங்குனி, சித்திரை மதியத்தில் மேலேயும் பக்கத்திலும் வெளிச்சம் ஒழுகும். துணி வழியாக வருவது குறைவு, ஓரம் வழியாக வருவதுதான் அதிகம். ஜன்னல் சட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும் அளவில் 12 எம்எம் பிளைவுட் பலகை வெட்டி, சுற்றிலும் ஃபோம் டேப் ஒட்டி, பிடி வைத்துச் செருகுகிற மாதிரி செய்தோம். வேண்டும்போது எடுத்துவிடலாம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கடகடப்பதையும் தூசி வருவதையும் அது கூடவே நிறுத்தியது. வெண்டிலேட்டருக்கும் இதே வைத்தியம்தான். கதவின் அடி இடுக்குக்கு பிரஷ் ஸ்ட்ரிப் போதும்.

சரியாக அடைத்தீர்களா என்று பார்க்க உச்சி வெயில் நேரத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டு உள்ளே 10 நிமிடம் சும்மா உட்காருங்கள். உள்ளே போன உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகிய பிறகு ஒவ்வொரு இடுக்கும் கோடு போட்ட மாதிரி தெரியும். பென்சிலால் குறித்து அடைத்துவிடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: ஸ்பிளிட் ஏசி வெளிக் காற்றை உள்ளே கொண்டு வராது. நாலைந்து பேர் மூன்று மணி நேரம் உட்காரும் அறைக்குச் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும், காற்று உள்ளே வர ஒரு வளைந்த வழியும் வேண்டும். வளைவு இருந்தால் காற்று வரும், வெளிச்சம் நேராக வராது.

பல்பு: திரைக்குத் தெரியாமல் எரிய வேண்டும்

ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் வந்ததும் கேட்காமலே ஒரு வரைபடம் போடுவார்கள். நாலு பக்கமும் சீலிங் ஓரத்தில் ஒளிந்து எரியும் கோவ் லைட் ஸ்ட்ரிப், நடுவில் சம தூரத்தில் சீலிங்குக்குள் பதிக்கும் எட்டு கோப் லைட், எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச். ஹாலுக்கு அது சரி. இந்த அறைக்கு ஆகாது. திரைக்கு மேலே ஓடும் ஸ்ட்ரிப் முதலில் திரையைத்தான் நனைக்கும்.

இங்கே வேண்டியது ஆழமாகப் பதிந்த கோப் லைட். பல்பின் மஞ்சள் புள்ளி சீலிங் மட்டத்தில் இருந்து குறைந்தது ஒன்றரை இஞ்ச் மேலே இருக்க வேண்டும், உள் கிண்ணம் கருப்பாக இருக்க வேண்டும். கடையில் ஆன்டி கிளேர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெளிச்சம் விரியும் கோணம் 24 டிகிரி. சீலிங்கை ஒன்பதே கால் அடிக்கு இறக்கியிருந்தால், அந்த பல்பு தரையில் போடும் வட்டம் சுமார் 4 அடி அகலம் இருக்கும். 60 டிகிரி பல்பைப் போட்டால் அதே வட்டம் 10 அடியைத் தாண்டிச் சுவரில் ஏறிவிடும். 24 டிகிரி என்பது வெளிச்சம் பாதியாகக் குறையும் இடத்தைக் குறிக்கும் அளவு, அதற்கு வெளியேயும் கொஞ்சம் சிந்தும். அதனால் சுவரில் இருந்து 3 அடி தள்ளியே வைக்க வேண்டும். ஒரு அடியில் வைத்தால் சுவரில் பிறை பிறையாக வெளிச்சம் விழும். ஹாலில் அழகுக்காகவே அப்படிச் செய்வார்கள், இங்கே அது கெடுதல்.

மச்சான் அறையில் உட்காரும் இடத்துக்கு நாலே நாலு 7 வாட்ஸ் பல்பு, வார்ம் ஒயிட். திரையில் இருந்து 12 அடியில் இரண்டு, 15 அடியில் இரண்டு, பக்கச் சுவரில் இருந்து 3 அடி உள்ளே. இந்த நாலும் ஒரே டிம்மரில். திரைக்கு முன்னால் 3 அடியில் இரண்டு பல்பு உண்டு, ஆனால் அவை கூட்டுவதற்கும் வயர் மாட்டுவதற்கும் மட்டும். அவற்றுக்குத் தனி சுவிட்ச், அதுவும் கதவுக்கு வெளியே. கதவருகில் தரையை ஒட்டி ஒரு சின்ன ஃபுட் லைட் வைத்தோம். படம் ஓடும்போது எழுந்து போகிறவர்களுக்கு அது போதும்.

டிம்மர் வாங்கும்போது, பல்புக்குக் கரண்டைச் சீராக்கித் தரும் சின்னப் பெட்டியான டிரைவரும் டிம்மபிள் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண டிரைவரில் டிம்மர் போட்டால் பல்பு படபடக்கும், இல்லாவிட்டால் ஙொய்யென்று சத்தம் போடும். ஃபேன் ரெகுலேட்டரையே மாட்டிவிடலாம் என்று சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கால்வாசிக்குக் குறைத்து வைத்து போன் கேமராவில் பார்த்தால், படபடக்கிற பல்பு பெரும்பாலும் கோடு கோடாக ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

சீலிங் பலகையில் ஓட்டை போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பல்பை ஏணியில் நின்றபடி அந்த இடத்தில் பிடிக்கச் சொல்லி எரிய விடுங்கள். நீங்கள் திரை வரப்போகும் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று பாருங்கள். மஞ்சள் புள்ளி உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் திரைக்கும் தெரியும். குனிந்தும் எட்டியும் பாருங்கள், ஏனென்றால் திரை இரண்டடியில் தொடங்கி ஆறரை அடி வரைக்கும் இருக்கிறது. கிண்ணத்தின் ஓரத்தில் லேசான மினுமினுப்பு மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. பல்பைச் சுற்றி இருக்கும் வெள்ளை வளையத்தை மறந்துவிடுவார்கள். கரும் சீலிங்கில் அந்த வளையங்கள் திரை வெளிச்சத்தில் வரிசையாக மின்னும். கருப்பு வளையம் உள்ளதாகவே வாங்குங்கள், இல்லாவிட்டால் மேட் கருப்பு ஸ்ப்ரே அடித்து மாட்டுங்கள்.

சுவர் நிறம்: வீட்டாரோடு பேசி முடிக்க வேண்டியது

கரும்சாம்பல் ஷேடு கார்டை மச்சான் விரித்ததும் வீட்டுப் பாட்டியான அமுச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “ஏங்கண்ணு, குடியிருக்கற ஊட்டுக்குள்ள ஆராச்சும் கரியப் பூசுவாங்களா? நாளும் கெழமையுமா அந்த ரூம்புக்குள்ள எப்படி வர்றது?” என்றார். அந்தப் பேச்சை ஒதுக்கிவிட முடியாது. நம் வீடுகளில் பெரியவர்களும் அந்த அறைக்கு வரத்தான் போகிறார்கள். நல்ல வேளையாக அறை முழுக்கக் கருப்படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

திரைக்கு அருகில் இருக்கும் பரப்புதான் அதிக வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. தூரம் கூடக் கூட அது குறைந்துகொண்டே போகும். அதனால் திரை மாட்டிய சுவர், அதில் இருந்து 6 அடி வரைக்கும் பக்கச் சுவர்கள், 8 அடி வரைக்கும் சீலிங் — இவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அங்கே நிறச்சாயல் இல்லாத கரும்சாம்பலே வேண்டும். மெரூன், கருநீலம் எல்லாம் இருட்டாகத்தான் தெரியும், ஆனால் அவை திருப்பி அனுப்பும் கொஞ்ச வெளிச்சத்திலும் தங்கள் சாயத்தைக் கலந்துவிடும். மெரூன் சுவருக்குப் பக்கத்தில் திரையின் ஓரம் லேசாகச் சிவக்கும், முகங்களில் அது தெரியும். பின்பக்கச் சுவர்களில் அந்த ஆபத்து குறைவு. அதனால் அமுச்சி கேட்ட மாதிரி பின்பாதிக்கு ஆழ்ந்த காபிப்பொடி நிறம் அடித்தோம். சீலிங்கின் பின்பகுதியும் அதே நிறம். சில ஷேடு கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கும். அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்புகிறது என்பதன் அளவு. முன்பகுதிக்கு 10க்குக் கீழே தேர்ந்தெடுங்கள்.

நிறத்தைவிட பினிஷில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கழுவினால் போகும், பளிச்சென்று இருக்கும் என்று கடைக்காரர் ஷீன் உள்ள எமல்ஷனைத் தருவார். அதைக் கருப்பில் அடித்தாலும் திரையின் உருவம் சுவரில் மங்கலாகத் தெரியும். உறுதி செய்துகொள்ள ஒரு அட்டையில் அடித்துக் காய வைத்து, போன் டார்ச்சை அட்டையோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்து எதிர்ப்பக்கம் இருந்து பாருங்கள். வெளிச்சம் ஒரு இடத்தில் திரண்டு மின்னினால் வேண்டாம். பரவி மங்கினால் அதுதான் மேட். வெள்ளைச் சுவரின் மேல் நேரடியாக ஆழ்ந்த நிறத்தை அடித்தால் திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் சாம்பல் கலந்த பிரைமர், பிறகு இரண்டு கோட்டிங், தேவைப்பட்டால் மூன்றாவது. மேட் சுவருக்கு ஒரு குறை உண்டு: கை, தலை, சோபா முதுகு உரசும் இடங்களில் தேய்ந்து பளபளப்பு ஏறும். சோபாவைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

பேனல்: வெளிச்சத்தையும் சத்தத்தையும் ஒரே இடத்தில் பிடிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். திரை வெளிச்சம் எந்தச் சுவரில் அதிகமாகப் பட்டுத் திரும்புகிறதோ, அதே முன்பக்கப் பகுதியில்தான் ஸ்பீக்கர் சத்தமும் மோதி நம் காதுக்கு வருகிறது. நேராக வரும் சத்தத்துக்குக் கொஞ்சம் பிந்தி வரும் அந்த இரண்டாவது சத்தம் வசனத்தைக் குழப்பும். அந்த இடத்தில் கருப்புத் துணி போர்த்திய தடித்த பேனலை வைத்தால் இரண்டு தொல்லையும் சேர்ந்து தீரும்.

இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி போதும். நீங்கள் முன் வரிசையில் உட்காருங்கள். இன்னொருவர் காது உயரத்தில் ஒரு முகக் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, திரைப் பக்கம் இருந்து உங்களை நோக்கி மெல்ல நகர்த்தட்டும். கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பென்சில் குறி போடுங்கள். ஒரு சுவரில் இரண்டு குறி விழும், பக்கத்து ஸ்பீக்கருக்கு ஒன்று, எதிர்ப்பக்க ஸ்பீக்கருக்கு ஒன்று. மச்சான் அறையில் ஸ்பீக்கர் முன்சுவரில் இருந்தும் பக்கச் சுவரில் இருந்தும் ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது. குறிகள் முன்சுவரில் இருந்து சுமார் 3 அடி 5 இஞ்சிலும் ஏழரை அடியிலும் விழுந்தன. சோபாவில் மூன்று பேர் உட்காருவதால் குறி முன்னே பின்னே நகரும். ஆகவே இரண்டரை அடியில் தொடங்கி எட்டரை அடி வரைக்கும், 2 அடி அகலம் 4 அடி உயரமுள்ள பேனல்கள் மூன்றை ஒட்டினாற்போல் வைத்தோம். அடி விளிம்பு தரையில் இருந்து 2 அடி. எதிர்ச் சுவரிலும் அப்படியே. சீலிங்கில் முன்சுவரில் இருந்து 4 அடிக்கும் 8 அடிக்கும் இடையில் ஒரு பெரிய பேனல் தொங்குகிறது. சத்தம் மேலே மோதும் புள்ளி ஆறேகால் அடியில் வருகிறது.

பேனலை வீட்டிலேயே செய்துவிடலாம். 2 இஞ்ச் ஆழத்துக்கு மரச் சட்டம், உள்ளே 50 எம்எம் தடிமனில் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள கிளாஸ்வூல் அல்லது ராக்வூல் பலகை. அதன் பின்பக்கத்தைக் காடாத்துணியால் மூடி ஸ்டேப்லர் அடித்துவிடலாம். கிளாஸ்வூலைத் தொடும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் கட்டாயம். இல்லாவிட்டால் இரவெல்லாம் அரிக்கும். துகள் வெளியே வராமல் இருக்கப் பலகையை முதலில் மெல்லிய நான் ஓவன் துணியால் சுற்றிவிடுங்கள்.

மேல் துணி விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சத்தம் ஊடுருவிப் போகும் துணி என்று சொல்லி வெளிநாட்டுச் சரக்கை அதிக விலைக்கு விற்கிறார்கள். திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைக்கும் கருப்பு பனியன் துணி அந்த வேலையை நன்றாகவே செய்யும். பின்னல் துணி என்பதால் காற்று தாராளமாகப் போகும், இழுத்தால் நீளும், சட்டத்தின் மூலையில் சுருக்கம் விழாது. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் விரலில் காற்று பட்டால் சத்தமும் போகும். ரெக்ஸினில் ஊதினால் காற்றே போகாது, அது மேல் ஸ்தாயிச் சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும், பளபளக்கவும் செய்யும். வாங்கும் முன் வெயிலில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். பாலியஸ்டர் கலப்பு அதிகமானால் சில ரகங்களில் மினுக்கு தெரியும், பருத்தியில் தெரியாது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனலைச் சுவரோடு ஒட்டி அறையாமல், பின்னால் 2 இஞ்ச் மரத்துண்டு கொடுத்து இடைவெளி விட்டு மாட்டுங்கள். அதே பேனல் இன்னும் தாழ்ந்த சத்தத்தையும் பிடிக்கும், கூடுதல் செலவு இல்லை. 9 எம்எம் பாலியஸ்டர் பலகையைச் சுவர் முழுக்க ஒட்டுவது இப்போது பரவியிருக்கிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது கீச்சுச் சத்தத்தை மட்டுமே உறிஞ்சும். அறை முழுக்க அதை ஒட்டினால் பேச்சு மூடிப் போய், பேஸ் மட்டும் குடம் உருட்டிய மாதிரி மிஞ்சி நிற்கும். முட்டை அட்டையை ஒட்டுவது எதற்கும் ஆகாது. தீப்பிடிக்கும் மலிவு ஃபோமும் மூடிய அறைக்குள் வேண்டாம். இன்னொன்றையும் வேலை தொடங்கும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்: பேனல் உள்ளே இருக்கும் எதிரொலியைத்தான் குறைக்கும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதை அது நிறுத்தாது. அதற்குச் சுவரே வேறு மாதிரி கட்ட வேண்டும்.

போதுமா என்று தெரிய சோபாவில் உட்கார்ந்து கை தட்டுங்கள். டர்ர்ர் என்று உலோகச் சத்தம் போல் தொடர்ந்தால் எதிரெதிர்ச் சுவர் இரண்டும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. பின்சுவரில் ஒன்றிரண்டு பேனல் கூட்டினால் அடங்கிவிடும். தட்டிய சத்தம் உடனே அறுந்தும், பேசுவது இயல்பாகவும் இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

தரையும் சில்லறைப் பொருட்களும்

விட்ரிஃபைட் டைல்ஸ் தரையில் திரை தலைகீழாக இன்னொரு முறை தெரியும். பவானி ஜமுக்காளம் ஒன்று, திரைக்கும் சோபாவுக்கும் நடுவில் முழுசாக விரிக்கிற அளவில் வாங்குங்கள். பருத்தியில், ஆழ்ந்த நீலம் அல்லது பச்சை. பளபளக்கும் செயற்கைப் பட்டு நூலில் நெய்தது இந்த அறைக்குச் சேராது. தரையில் மோதும் சத்தத்துக்கு ஜமுக்காளம் மட்டும் போதாது, அடியில் தடித்த ஃபெல்ட் ஒன்றையும் போடுங்கள்.

டீபாய்க் கண்ணாடி, போட்டோ ஃப்ரேம், பியானோ பினிஷ் ஸ்பீக்கர், ஏசியின் வெள்ளை உடம்பு, ஆம்ப்ளிஃபயரின் நீல விளக்கு, இவை எல்லாம் இருட்டில்தான் தங்களைக் காட்டிக்கொள்ளும். முன்பாதியில் இருப்பதைப் பின்னுக்கு நகர்த்துங்கள் அல்லது மூடுங்கள். திரையைச் சுற்றி மூன்று இஞ்ச் அகலத்துக்குக் கருப்பு வெல்வெட் பட்டை கொடுத்தால், ஓரம் தாண்டி விழும் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும்.

புரொஜெக்டருக்குப் பதில் பெரிய டிவி வைப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். வெள்ளைத் திரை எந்தத் திசையில் இருந்து வரும் வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். டிவியின் கண்ணாடி முகமோ எதிரே இருப்பதை உருவமாகவே காட்டும். ஆகவே டிவிக்கு முன்பக்கச் சுவரைவிட எதிர்ச் சுவரும் சோபாவுக்கு மேலுள்ள பல்புகளும் முக்கியம். டிவியை அணைத்துவிட்டு உங்கள் இடத்தில் உட்கார்ந்து அதில் என்னென்ன தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இருட்டாக்க வேண்டியவை அவைதான்.

கடைசிச் சோதனை

எல்லா வேலையும் முடிந்த பிறகு இரவில், பாதி வெள்ளை பாதி கருப்பு உள்ள ஒரு படத்தைத் திரையில் நிறுத்துங்கள். கருப்புப் பாதியைப் பார்த்தபடி இருங்கள். ஒருவர் பெரிய கருப்புப் போர்வையைப் பக்கச் சுவரின் முன்பகுதியில் விரித்துப் பிடிக்கட்டும், பிறகு தரையில், பிறகு கம்பில் கட்டிச் சீலிங்குக்கு அருகில். எங்கே பிடிக்கும்போது கருப்பு இன்னும் கூடுகிறதோ, அங்கேதான் வெளிச்சம் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறது. மச்சான் அறையில் சுவரிலும் சீலிங்கிலும் வித்தியாசமே தெரியவில்லை, ஜமுக்காளம் எட்டாமல் திரைக்கு அடியில் விட்டுப்போயிருந்த ஒரு முழம் டைல்ஸில் தெரிந்தது. அங்கே ஒரு துண்டு கருப்பு ஃபெல்ட் போட்டதும் சரியானது.

அடுத்து சப்வூஃபரில் 20 ஹெர்ட்ஸில் இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெல்ல ஏறும் டோன் ஒன்றை ஓட விடுங்கள். ஜிப்சம் பலகையில் ஸ்ப்ரிங் கிளிப்பில் நிற்கும் பல்பு ஏதாவது ஒரு இடத்தில் கிர்ரென்று அதிரும். ஏணியில் ஏறி ஒவ்வொரு வளையத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சத்தம் நிற்கிற பல்பைக் கழற்றி, வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் டேப்பைச் சுற்றி ஒட்டித் திரும்ப மாட்டினால் அடங்கிவிடும். மாட்டும்போது, சீலிங்குக்கு மேலே கிளாஸ்வூல் பரப்பியிருந்தால் அது பல்பின் டிரைவர் மேல் சரிந்து கிடக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு ஒதுக்கிவையுங்கள். சூடு வெளியேறாவிட்டால் டிரைவர் சீக்கிரம் போய்விடும்.

ஆடியும் ஆவணியும் கடந்ததும் புரொஜெக்டர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுங்கள். வெல்வெட்டிலும் பேனல் துணியிலும் படிந்த தூசியை வேக்குவமின் மென் பிரஷால் எடுங்கள். ஈரத் துணி வேண்டாம். தூசி படிந்த கருப்பு, சாம்பலாக மாறி மறுபடி வெளிச்சத்தைத் திருப்பத் தொடங்கும்.